லூடோவுக்கு நான்கு குறிகள், கரமுக்கு ஒரு கோல்

மொன்றியலில் நவம்பர் முதல் மார்ச் வரை வெளியே விளையாடப் போவது பெரியவர்களுக்கு முடியாத காரியம். ஆகவே வெள்ளிக்கிழமை ஒன்றுகூடல் முடிந்து தேநீரும் பட்டிஸும் வந்தபின், எங்கள் சபை மண்டபத்தின் மேசைகளில் விரிவது லூடோ, ஊனோ, கரம், முந்நூற்றிநாலு ஆகிய நான்கும்தான். பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயது அப்பப்பாவும் ஒரே மேசையில் இருக்கக்கூடிய நேரம் வாரத்தில் அது ஒன்றுதான்.

அந்த மேசைகளிலிருந்து இரண்டு வகையானோர் மெல்ல எழும்பிப் போவதை வாலிபர் குழுவில் இருக்கும் நாங்கள் கவனித்தோம். லூடோ என்றதும் "எனக்கு போர் அடிக்குது" என்று சொல்லித் தொலைபேசியை எடுக்கும் பையன் ஒருவன். ஊரில் கரமுக்குப் பேர்போனவராக இருந்து, இப்போது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு "நீங்கள் விளையாடுங்கோ பிள்ளையள், நான் பாக்கிறன்" என்று சொல்லும் ஐயா ஒருவர். பையனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியவில்லை. ஐயாவுக்குக் கை நடுக்கம். இருவருமே அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தாதித் தொழிலில் இருப்பதால் எங்களுக்கு இந்த இரண்டும் புதிதல்ல. வேலையிடத்தில் பார்ப்பதை விளையாட்டு மேசைக்குக் கொண்டுவந்ததுதான் புதிது. இருபது டொலருக்குள் செய்த மாற்றங்களைத்தான் இங்கே எழுதுகிறோம். உங்கள் வீட்டு மேசையிலும் செய்யலாம்.

முதலில் நிறம். நிறக்குருடு என்றால் உலகம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் மிக அரிது. பெரும்பாலானோருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுக்கொன்று நெருங்கி, இரண்டுமே ஒருவித மண்ணிறமாகத் தெரியும். சிலருக்கு இதோடு சிவப்பு இருண்டுபோய்க் கறுப்புக்குப் பக்கத்தில் போய்விடும். நீலமும் மஞ்சளும் இவர்களுக்குத் தெளிவாகவே தெரியும். ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெண்களில் 200 பேரில் ஒருவருக்குத்தான். ஆசியரிடையே இது சற்றுக் குறைவு, ஆனால் ஒரு சபை அளவான கூட்டத்தில் எவருமே இல்லை என்பது நடக்காத காரியம்.

ஆண்களுக்கு அதிகம் வருவதற்குக் காரணம், இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. எனவே ஒரு பையனுக்குச் சந்தேகம் இருந்தால் தகப்பன் வழியைத் தேடிப் பயனில்லை. அம்மாவின் அப்பாவையும் தாய்மாமனையும் கேளுங்கள். "மாமாவும் சின்ன வயதில் பழுத்த மிளகாயையும் பச்சை மிளகாயையும் மாறிப் பிடுங்குவாராம்" என்று அம்மம்மா சிரித்துக்கொண்டே சொல்லும் கதைக்குள் பதில் இருக்கலாம்.

பெற்றோருக்கு இது தெரியாமல் போவதற்கு லூடோ பலகையே ஒரு காரணம் என்பது எங்கள் எண்ணம். பலகையை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பலகைகளில் சிவப்புக்கு எதிரே மஞ்சள், பச்சைக்கு எதிரே நீலம். வீட்டில் இருவர் விளையாடினால் எதிரெதிராகத்தான் இருப்போம். சிவப்பும் மஞ்சளும், அல்லது பச்சையும் நீலமும்: இந்த இரண்டு சோடியிலும் பையனுக்குப் பெரிய சிக்கல் வராது. மூன்றாவது ஆள் வந்து சேர்ந்ததும் சிவப்பும் பச்சையும் ஒரே பாதையில் சந்திக்கின்றன. அப்போதுதான் அவன் தடுமாறுகிறான். வீட்டில் தம்பியோடு நன்றாக விளையாடும் பிள்ளை மண்டபத்தில் நால்வரோடு ஏன் விளையாட மறுக்கிறான் என்ற கேள்விக்கு விடை இதுதான்.

கண்டுபிடிக்க வேறு அடையாளங்களும் உண்டு. தன் காயை நிறத்தால் அல்லாமல் இடத்தால் நினைவு வைத்துக்கொள்வான். யாராவது மேசையைத் தட்டிக் காய்கள் சிதறினால் திருப்பி வைக்கத் தெரியாமல் மற்றவர்களைப் பார்ப்பான். பகலில் யன்னலோரம் சரியாக ஆடுவான், இரவில் மஞ்சள் பல்பின் கீழ் பிழை விடுவான். இப்படி இருந்தால் கண் பரிசோதகரிடம் காட்டுங்கள். கியூபெக்கில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனைச் செலவை மாகாண மருத்துவக் காப்புறுதி ஏற்கிறது. புள்ளிகளுக்குள் இலக்கம் தெரிகிறதா என்று பார்க்கும் இஷிஹாரா தட்டுச் சோதனையையும் செய்யும்படி நீங்களே கேளுங்கள். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. நூற்றுக்கணக்கான டொலருக்கு விற்கும் வர்ணக் கண்ணாடிகள் சில நிறங்களின் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டுமே தவிர, இயல்பான நிறப் பார்வையைத் தருவதில்லை. அந்தக் காசில் மண்டபத்துக்கு நாலு புதிய விளையாட்டுப் பெட்டி வாங்கலாம்.

இனி லூடோவுக்கு வருவோம். செய்யவேண்டியது நிறத்தோடு இன்னொரு அடையாளத்தையும் சேர்ப்பது. முதலில் மனதில் தோன்றுவது எழுத்து. ஆனால் மொன்றியலில் எழுத்து சரிவராது. பச்சைக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து, பிரெஞ்சில் இன்னோர் எழுத்து, அப்பப்பாவுக்கோ "ப". ஒரே மேசையில் மூன்று மொழி இருக்கும்போது எழுத்து புதிய குழப்பத்தைத்தான் தரும். குறிதான் நல்லது.

குறியைத் தேர்வதிலும் ஒரு விஷயம் உண்டு. லூடோவை நான்கு பக்கத்திலிருந்தும் பார்க்கிறோம். கிடைக்கோடும் நிலைக்கோடும் என்று இரண்டு குறி வைத்தால், உங்களுக்குக் கிடையாகத் தெரிவது பக்கத்தில் இருப்பவருக்கு நிலையாகத் தெரியும். கூட்டல் குறியைச் சற்றுத் திருப்பினால் பெருக்கல் குறி. ஆகவே எந்தப் பக்கம் திரும்பினாலும் மாறாத நான்கைத் தெரிந்தோம்: சிவப்புக்கு முழுப்புள்ளி, பச்சைக்கு ஒற்றைக் கோடு, நீலத்துக்குக் கூட்டல், மஞ்சளுக்குக் காயின் கழுத்தில் சிறிய றப்பர் வளையம். வளையம் கைக்கும் தெரியும், கண்ணுக்கும் தெரியும். மூன்று நிறத்துக்குக் குறி போட்டு நாலாவதை வெறுமையாக விடலாமே என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு காயில் குறி அழிந்தால் அது உடனே வெறுமையான நிறத்தின் காயாகிவிடும். நான்குக்கும் குறி இருந்தால், வெறுமையான காயைக் கண்டதும் குறி போய்விட்டது என்று தெரிந்துவிடும்.

குறியைக் காயின் பக்கத்தில் போடாமல் உச்சியில் போடுங்கள். மேசையைச் சுற்றியிருக்கும் எல்லோரும் பார்ப்பது உச்சியைத்தான். காய்கள் 16. பலகையில் ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று இடம் போதும்: காய்கள் காத்திருக்கும் பெரிய கட்டம், புறப்படும் கட்டம், வீட்டுக்கு ஏறும் வரிசையின் முதல் கட்டம். இங்கே மஞ்சளுக்கு வளையத்துக்குப் பதில் ஒரு வட்டம் கீறிவிடுங்கள். ஆக 12. மொத்தம் 28 குறிகள். இரண்டு பேர் அரை மணித்தியாலத்தில் முடிக்கலாம். ஏறு வரிசையின் எல்லாக் கட்டத்திலும் குறி போட்டால் பலகை எறும்பு ஊர்ந்ததுபோல் ஆகி, மற்றவர்களுக்கு இடைஞ்சலாகும்.

எதனால் குறி போடுவது என்பதில்தான் பலர் சறுக்குவார்கள். அழியாத மார்க்கர் என்று விற்பது பிளாஸ்டிக்கில் தண்ணீருக்கு அழியாது. ஆனால் கை சுத்திகரிக்கும் ஜெல்லில் உள்ள அற்ககோல் அதைக் கரைத்துவிடும். மண்டப வாசலில் எல்லோரும் ஜெல் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறோம். இரண்டு வாரத்தில் குறி மங்கி, விரல்களில் மை ஒட்டும். ஸ்டிக்கர் காயின் வளைந்த உச்சியில் ஓரம் எழும்பிக் கழன்றுவிடும். நகப்பூச்சு நன்றாக நிற்கிறது. சிவப்பு, பச்சை, நீலக் காய்களில் வெள்ளை நகப்பூச்சை ஒரு பல்குத்தும் குச்சியால் தொட்டு வையுங்கள். முதலில் காயின் அடியில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். மலிவான பிளாஸ்டிக் சிலது அதில் இளகும். ஒரு மணித்தியாலம் காயவிட்டு இரண்டாவது பூச்சு. பலகையில், அது கடதாசி அட்டை என்பதால், கறுப்பு மார்க்கர் போதும்.

வேலை சரியா என்று பார்க்க எளிய வழி: எல்லாக் காய்களையும் கலந்து வைத்துத் தொலைபேசியில் படமெடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். அந்தப் படத்தில் 16 காய்களையும் பிரிக்க முடிந்தால் எந்த வகை நிறக்குருடு உள்ளவருக்கும் பிரிக்க முடியும். உண்மையில் அவர்கள் பார்ப்பது இதைவிட நிறமானது. இது கடினமான சோதனை, அதனால்தான் நம்பலாம்.

ஊனோவில் இந்த வேலையை வேறொருவர் ஏற்கனவே செய்துவிட்டார். போர்த்துக்கல்லைச் சேர்ந்த மிகுவெல் நெய்வா என்ற வடிவமைப்பாளர் கலர்ஆட் என்றொரு குறிமுறையை உருவாக்கினார். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுக்கும் ஒவ்வொரு குறி; பச்சை என்றால் நீலக் குறியும் மஞ்சள் குறியும் சேர்ந்து வரும், நாங்கள் பள்ளியில் நிறம் கலந்ததுபோல. 2017-ல் மட்டெல் நிறுவனம் இந்தக் குறிகளோடு ஊனோவை வெளியிட்டது. உங்களிடம் பழைய ஊனோ இருந்தால், 108 கார்டுக் கட்டில் நிறமுள்ள 100 கார்டுகளின் மூலையில் மேலே சொன்ன நான்கு குறிகளைப் போட்டுவிடுங்கள். மஞ்சளுக்கு இங்கும் வட்டம்தான். மை பின்பக்கம் ஊறாத பேனாவாக இருக்கவேண்டும். சிலர் மூலையைக் கத்தரிக்கச் சொல்வார்கள். அது பின்பக்கத்திலிருந்தும் தெரியும், கையில் என்ன நிறம் என்று எதிரிக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி.

கரமில் நிறச் சிக்கல் இருக்காது என்று நினைப்போம், கறுப்பும் வெள்ளையும்தானே. ராணியை மறந்துவிடுகிறோம். சிவப்பு இருண்டு தெரியும் கண்ணுக்கு, மங்கலான வெளிச்சத்தில், ஒன்பது கறுப்புக் காய்களுக்கு நடுவே ராணி பத்தாவது கறுப்புக் காய். இங்கே ஸ்டிக்கரும் நகப்பூச்சும் கூடாது. தடிப்புக் கூடினால் காய் ஒரு பக்கம் சரிந்து ஓடும். ராணியின் இரு முகத்திலும் கடைந்திருக்கும் வளையப் பள்ளத்துக்குள் வெள்ளை மார்க்கரால் ஒரு சுற்று வரைந்து, மேலே வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டால் போதும்.

இப்போது நடுக்கம். இது நிறத்தைவிடச் சிக்கலானது, ஏனென்றால் எல்லா நடுக்கமும் ஒன்றல்ல. முதியவர்களிடம் அதிகம் காண்பது எசென்ஷியல் ட்ரெமர் என்பது. கை சும்மா இருக்கும்போது அமைதியாக இருக்கும். கோப்பையைத் தூக்கும்போது, காயை வைக்கும்போது நடுங்கும். வைக்கவேண்டிய இடத்தை நெருங்க நெருங்க நடுக்கம் கூடும். குடும்பத்தில் பலருக்கு இருப்பதுண்டு. பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: மடியிலோ மேசையிலோ ஓய்வாக இருக்கும் கை நடுங்கும், வேலை தொடங்கியதும் குறையும், ஆனால் அசைவு மெதுவாகும், விரல் இறுகும். விளையாட்டு மேசையில் முதலாமவர் தன் முறை வரும்போது காயைத் தட்டிவிடுவார். இரண்டாமவர் தன் முறை இல்லாதபோது, பலகையோரம் வைத்த கையால் தட்டிவிடுவார். எது என்று பார்த்தால் என்ன செய்வது என்று தெரியும். பின்னவருக்குப் பலகையை ஒரு சாண் தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அவருடைய மாத்திரை வேலை செய்யும் நேரத்தைக் கேட்டு அந்த நேரத்தில் விளையாடுவதும் நல்லது.

புதிதாகத் தொடங்கிய நடுக்கத்துக்கு விளையாட்டுப் பெட்டியைத் திறக்குமுன் குடும்ப வைத்தியரைப் பார்க்கவேண்டும். தைரொயிட் கூடினாலும், ஆஸ்துமா பம்ப் போன்ற சில மருந்துகளாலும் கை நடுங்கும். கடும் கோப்பியும் களைப்பும் எந்த நடுக்கத்தையும் கூட்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பது இவை எல்லாவற்றையும்விட மோசம். ஆகவே காசு செலவில்லாத முதல் மாற்றம் விதியில்: நேரக் கணக்கு வேண்டாம், "தொட்ட காயை ஆடத்தான் வேணும்" என்பது வேண்டாம், தவறிச் சாய்ந்த காயை யார் வேண்டுமானாலும் பேசாமல் நிமிர்த்தி வைக்கலாம்.

லூடோவில் அளவைக் கூட்டுவதே மருந்து. எங்கள் கணக்கைச் சொல்கிறோம். லூடோ ஒரு பக்கத்துக்கு 15 கட்டம். எங்கள் பலகை 36 சதமமீற்றர், எனவே ஒரு கட்டம் 2.4. காயின் அடி 1.9. நடுவில் வைத்தால் ஒவ்வொரு பக்கமும் இரண்டரை மில்லிமீற்றர்தான் இடைவெளி. நடுங்கும் கைக்கு அது ஊசியில் நூல் கோப்பது மாதிரி. பாடசாலை வேலைக்கு வாங்கும் பிறிஸ்டல் போர்ட் அட்டை ஏறத்தாழ 56க்கு 71 சதமமீற்றர். அதில் 54 சதமமீற்றர் சதுரம் கீறினால் ஒரு கட்டம் 3.6 ஆகும், இடைவெளி எட்டரை மில்லிமீற்றர், மூன்று மடங்குக்கும் மேல். வாலிபர் இருவர் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கீறி நிறம் தீட்டினார்கள். காய்களின் அடியில் 2 சதமமீற்றர் அகலமான இரும்பு வாஷர் ஒன்றை ஒட்டினால் காய் பாரமாகிக் கவிழாது. கட்டம் பெரிதாகிவிட்டதால் வாஷருக்கும் இடமுண்டு. பலகைக்குக் கீழே, அலுமாரித் தட்டுக்கு விரிக்கும் வழுக்காத றப்பர் வலையை விரியுங்கள். இவை எல்லாம் டொலராமாவிலும் பக்கத்து இரும்புக் கடையிலும் கிடைக்கும்.

தாயக்கட்டையைக் கையில் உருட்டவேண்டாம். மூடியுள்ள கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் போத்தல் ஒன்றுக்குள், பலசரக்குத் தூள் வைக்கும் அளவில், கட்டையைப் போட்டு மூடிவிடுங்கள். போத்தலைக் குலுக்கி மேசையில் வைத்து மேலிருந்து வாசிக்கலாம். கட்டை மேசைக்கடியில் ஓடாது. நடுங்கும் கைக்குக் குலுக்க யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்று அந்த ஐயாவே பகிடி விட்டார்.

ஆனால் ஐயாவுக்கு வேண்டியது லூடோ அல்ல, கரம். இங்கேதான் கனடாவின் சொந்த விளையாட்டு ஒன்று கைகொடுத்தது. குரோக்கினோல் என்பது வட்டமான மரப்பலகையில் வில்லைகளை விரலால் சுண்டி நடுக்குழியில் விழுத்தும் ஆட்டம். தெரிந்தவற்றுள் மிகப் பழைய பலகையை 1876-ல் ஒன்ராறியோவில் எக்ஹார்ட் வெட்லாபர் என்பவர் தன் மகனுக்காகச் செய்தார். கியூபெக்கில் இதைப் பிஷ்நொட் என்பார்கள். விரலால் சுண்டுவதற்குப் பிரெஞ்சில் இங்கே வழங்கும் சொல் அது. எங்கள் கரமைப் போல நான்கு மூலையில் குழியுள்ள பலகைக்கும் அதே பெயரைச் சொல்வதுண்டு. பழைய கியூபெக் குடும்பங்களின் நிலக்கீழ் அறைகளில் ஒன்று தூசி பிடித்துக் கிடக்கும். கரம் பலகையைக் காட்டினால் எங்கள் கியூபெக் அயலவர்கள் "இது பிஷ்நொட்தானே" என்பார்கள்.

ஒன்ராறியோவின் டாவிஸ்டொக் ஊரில் 1999 முதல் உலகக் குரோக்கினோல் போட்டி நடக்கிறது. அங்கே விரலால் ஆடுவோருக்கு ஒரு பிரிவு, சிறிய கோலால் தட்டி ஆடுவோருக்குத் தனிப் பிரிவு. விரல் மூட்டு நோவோ நடுக்கமோ உள்ளவரை ஒதுக்கிவைக்கும் சலுகை அல்ல அது. கோலால் ஆடுவது அங்கே பழைய வழக்கம், அதற்கென்று வெற்றியாளரும் உண்டு. கரமுக்கு ஏன் கூடாது என்று கேட்டோம்.

கோல் செய்வது இப்படி. 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருளை மரக்குச்சியில் 40 சதமமீற்றர் வெட்டுங்கள். முனையில், கதிரைக் காலுக்கு ஒட்டும் வட்டத் துணித்துண்டு ஒன்றை ஒட்டுங்கள். பிடிக்கும் பக்கத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நுரை உறையில் 12 சதமமீற்றர் வெட்டிப் போர்த்துங்கள். பிடி தடித்தால் விரல்கள் இறுகப் பிடிக்கத் தேவையில்லை. இறுக்கிப் பிடிக்கும்போதுதான் நடுக்கம் கூடுகிறது. அடுத்து ஒரு பாலம். தயிர்க் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, கோல் இருக்கும் அளவுக்கு விளிம்பின் இரு பக்கமும் எதிரெதிரே பிறைபோல வெட்டி, ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் பலகையின் சட்டத்தில் வையுங்கள். கோல் அந்தப் பிறைகளுக்குள்ளால் ஓடும். இப்போது முனை நடுங்காது, ஏனென்றால் முனையைத் தாங்குவது கை அல்ல, கிண்ணம். கையின் நடுக்கம் பின்முனையில் மட்டும் இருக்கும். முழங்கையை மேசையில் ஊன்றினால் அதுவும் குறையும். கிண்ணம் எழும்பாதபடி மறு கையை அதன்மேல் வைத்துக்கொள்ளலாம்.

பிரச்சினை வருவது தள்ளுதலில். கரமில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டவேண்டும், தள்ளக் கூடாது. கோல் நீளமாக ஓடினால் ஸ்ட்ரைக்கரைக் கூடவே கொண்டுபோய்விடும். கோலின் முனை ஸ்ட்ரைக்கருக்கு ஒரு சதமமீற்றர் பின்னால் நிற்கும்போது, கிண்ணத்துக்குப் பின்னே மூன்று சதமமீற்றர் விட்டு, கோலைச் சுற்றித் தடித்த றப்பர் பட்டி ஒன்றை இறுகச் சுற்றுங்கள். பட்டி கிண்ணத்தில் முட்டியதும் கோல் நின்றுவிடும். ஸ்ட்ரைக்கர் மட்டும் போகும். சரியான அடிக்கு "டொக்" என்று ஒரே சத்தம். உரசும் சத்தம் வந்தால் தள்ளுதல், திருப்பி ஆடச் சொல்லலாம். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைப்பதுதான் நடுக்கமுள்ளவருக்கு மிகக் கடினமான கணம். அதைப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை செய்யட்டும். "கொஞ்சம் இடப்பக்கம், இன்னும், சரி நில்" என்று அவர் சொல்லச் சொல்ல வைக்கவேண்டும். குறி பார்ப்பது அவர் மூளை, கணக்கும் அவருடையது. பாரமான ஸ்ட்ரைக்கர் கொடுத்தால் எளிது என்று சிலர் சொல்வார்கள். சர்வதேச விதிப்படி அது 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது, போனால் காய்களும் பலகையும் அடிபடும்.

கோலால் எல்லாம் முடியாது. தன் பக்கத்துக் குழிக்குப் பின்னோக்கி அடிக்கும் வெட்டு ஆட்டம் கோலுக்கு ஒத்துவராது. மெல்லத் தொட்டு நகர்த்துவதும் கடினம். ஐயா முதல் மாலையில் நேர் அடிகளையும் ஒருமுறை பட்டுத் திரும்பும் அடிகளையும் மட்டும் ஆடினார். முதல் பலகையில் இரண்டு காய். மூன்றாவதில் ஐந்து காயும் ராணியும். அவரோடு ஆடிய வாலிபன் விரலால்தான் ஆடினான், தோற்றும் போனான்.

நடுக்கமுள்ளவருக்கு ஜெங்கா போன்ற அடுக்கு ஆட்டத்தையும் மாற்றித் தரமுடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். நாங்கள் அதை முயலவில்லை. கை அசையாமல் இருப்பதே அந்த ஆட்டம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மரக்கட்டைதான். வேறு பெட்டியை எடுப்பது நல்லது.

கடைசியாக முந்நூற்றிநாலு. இதில் ஒருவருக்கு எட்டுக் கார்டு. அவற்றை விசிறிபோல் பிடிப்பதுதான் சிரமம். நடுங்கினால் எதிரிக்குத் துரும்பே தெரிந்துவிடும். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் வைத்திருக்கும் நுரைக் குழாயில் 30 சதமமீற்றர் வெட்டி, உருளாதபடி அடியைத் தட்டையாகச் சீவி, மேலே நீளவாக்கில் இரண்டு சதமமீற்றர் ஆழத்துக்குச் சற்றுப் பின்சாய்வாகக் கீறுங்கள். ஒரு கார்டின் அகலம் ஆறேகால் சதமமீற்றர் அளவு. அடுத்தது மூன்று சதமமீற்றர் தள்ளி என்று எட்டையும் அடுக்கினால் 27 சொச்சம். 30-க்குள் அடங்கும், எல்லா மூலையும் தெரியும். கீறலை அகலமாக வெட்டாதீர்கள்; கத்தி போன தடமே போதும், இல்லாவிட்டால் கார்டு முன்னால் விழும்.

முதல் நாலு கார்டு வந்து கேள்வி கேட்கும்போது ஒருவர் சொருகிக் கொடுக்கவேண்டும், அடுத்த நாலுக்கும் அப்படியே. அந்த உதவியாளர் ஆட்டத்தில் இல்லாத ஒருவராக இருக்கட்டும். எதிரே இருக்கும் கூட்டாளியோ பக்கத்து எதிரியோ சொருகினால் மேசையில் சண்டை வரும், முந்நூற்றிநாலு ஆடுகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. குலுக்கிப் பிரிக்கும் முறை அவருக்கு வரும்போது உதவியாளரே அதையும் செய்யலாம். எங்கள் மண்டபத்தில் இந்த வேலைக்கு ஊனோ முடித்த பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், கார்டைப் பார்க்கலாம் என்ற ஆசையில்.